பாதாம் பாலும் ரோஸ் மில்க்கும்: அரைத்தல், இனிப்பு, குளிர்வித்தல்

சென்ற கோடையில், லால்பேட்டையைச் சேர்ந்த அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகள் எனது புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். மாத்திரைகளை அவர் தவறாமல் உட்கொண்டு வந்தபோதிலும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையின் அளவு 9.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. "அத்தா காபியில்கூடச் சர்க்கரை சேர்ப்பதில்லை, டாக்டர். இரவில் உடம்புக்குத் தெம்பாக ஒரு தம்ளர் பாதாம் பால் மட்டும் கொடுக்கிறோம்" என்றார் மகள். விடை அந்தத் தம்ளரில்தான் இருந்தது.

அது கடையில் வாங்கிய பாதாம் மிக்ஸ் பொடியில் தயாரிக்கப்பட்டது. உணவுப் பொட்டலங்களில் சேர்மானங்களை எடை மிகுதியான வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அவர்கள் கொண்டுவந்து காட்டிய பொட்டலத்தில் முதலிடத்தில் இருந்தது சர்க்கரை. பாதாம் அதற்குப் பின்னரே இடம்பெற்றிருந்தது. குவியலாக மூன்று தேக்கரண்டிப் பொடியுடன், சுவை போதவில்லையென்று மேலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்த்து வந்தனர். இவ்வாறு நாள்தோறும் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதுவும் உறங்கும் வேளையில், அவர் உடலுக்குள் சென்றது. பாதாம் பாலை நிறுத்திவிடுங்கள் என்று நான் கூறவில்லை. வீட்டிலேயே செய்யுங்கள் என்று கூறி, முறையை எழுதிக் கொடுத்தேன். அம்முறையையும், அதில் அவர்கள் செய்த பிழைகளையும் அவர்களது இசைவுடன் இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, அரைத்தல். பாதாம் பருப்பு பாலில் கரைவதில்லை. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். எஞ்சியதில் பெரும்பகுதி புரதமும் நார்ச்சத்தும். ஆகவே நாம் செய்வது கரைத்தல் அன்று. நாவில் தட்டுப்படாத அளவுக்கு நுண்ணிய துகளாக்கிப் பாலில் பரவச் செய்தலே. நான்கு சிறு தம்ளர்களுக்கு 600 மில்லி லிட்டர் பாலும் 24 பாதாம் பருப்புகளும் போதும். பருப்பைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் தோல் எளிதில் கழன்றுவிடும். தோல் நீக்கிய பருப்பைச் சிறிய மிக்ஸி ஜாடியில் இட்டு, ஆறிய பால் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி மட்டும் சேர்த்து அரைக்க வேண்டும். தொடக்கத்திலேயே பாலை மிகுதியாக ஊற்றினால், பருப்பு கத்தியில் சிக்காமல் பாலோடு சுழன்றுகொண்டிருக்கும், நறநறப்பு மிஞ்சும். பால் சேர்க்காமல் நெடுநேரம் அரைத்தாலோ எண்ணெய் பிரிந்து கட்டியாகிவிடும். இடையில் நிறுத்தி, ஜாடியின் ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் அரையுங்கள். விழுதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள். மணல்போல் உறுத்தினால் இன்னும் அரைக்க வேண்டும்.

இவ்விழுதை ஒரு கரண்டிப் பாலில் கலந்த பிறகே கொதிக்கும் பாலில் ஊற்ற வேண்டும். நேரே இட்டால் திரண்டுவிடும். அடி பிடிக்காமல் கிளறியபடி சிறு தீயில் ஐந்து நிமிடம் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். முதல் முறை வடிகட்டாமல் கொடுத்தபோது, பல் இல்லாத அப்பெரியவர் துகள் தொண்டையில் ஒட்டி இருமத் தொடங்கிவிட்டார். வாதநோய்க்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு நீர்த்த பானமே புரையேறக்கூடும். வடிகட்டியதாயினும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது.

இரண்டாவது, இனிப்பு. குளிர்ந்த பொருளில் நாவு இனிப்பைக் குறைவாகவே உணரும். சூடாக இருக்கையில் சரியாகத் தோன்றிய பால், குளிர்ந்தபின் சப்பென்று தோன்றுவது இதனால்தான். உடனே மேலும் சர்க்கரை சேர்ப்பது பலரது வழக்கம். அவ்வாறின்றி, தம்ளருக்கு இரண்டு மட்டத் தேக்கரண்டி என்று முன்னரே அளந்து, பால் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கான தம்ளரைச் சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ஏலக்காயும் சிறிது குங்குமப்பூவும் அதற்கு மணமூட்டும். பாலில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு. 150 மில்லி லிட்டரில் ஏழு கிராம் அளவில் இருக்கும். எனவே சர்க்கரை சேர்க்காத பாலும் கணக்கில் வராத பானம் அன்று.

ரோஸ் மில்க்கில் கணக்கு இன்னும் கடுமையானது. ரோஸ் சிரப்பின் பெரும்பகுதி சர்க்கரையே. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே ஏறத்தாழ 25 கிராம் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு இயன்றவரை இதற்குள் நிறுத்துமாறு கூறும் அளவும் ஏறக்குறைய இதுவே. ஆகையால் நலமாக உள்ளவர்களும் தம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நன்று. நீரிழிவு உள்ளவர்கள் சிரப்பைத் தவிர்த்து, சர்க்கரையற்ற பன்னீர் சில துளிகள் சேர்க்கலாம். அது உண்பதற்குரியது என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ரோஜா மணம் சூட்டில் பறந்துவிடும். பால் நன்கு குளிர்ந்தபின் இறுதியில் சேர்த்தால் சிறிதளவே போதும். சூடான பாலில் ஊற்றுவோர்தாம் மணம் போதவில்லையென்று மேலும் மேலும் ஊற்றுகின்றனர்.

மூன்றாவது, குளிர்வித்தல். இங்குதான் அக்குடும்பம் பெரும் பிழை செய்தது. நோன்பு திறக்கும் வேளைக்கு உறவினரை அழைத்திருந்த ஒரு நாள், காலையிலேயே ஐந்து லிட்டர் பாதாம் பாலைக் காய்ச்சி, ஆறட்டும் என்று அண்டாவிலேயே மாலைவரை அடுப்பங்கரையில் வைத்திருந்தனர். பிறகு பனிக்கட்டி இட்டுப் பரிமாறினர். அன்றிரவே நால்வர் வாந்தியுடன் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு. பால் புளிக்கவும் இல்லை, வாடை வீசவும் இல்லை என்று அனைவரும் வியந்தனர்.

காய்ச்சினால் கிருமிகள் இறக்கும். ஆனால் சிலவற்றின் விதைத்துகள்கள் கொதிநிலையையும் தாங்கும். பால் வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். அவற்றுட் சில வாந்தியை உண்டாக்கும் நஞ்சையும் சுரக்கும். அந்நஞ்சு மறுபடி காய்ச்சினாலும் அழியாது. சுவையிலும் மணத்திலும் மாற்றம் தெரிய வேண்டுவதில்லை. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். மேற்புறம் தொட்டுப் பார்த்து அறிய இயலாது.

எனவே, வடிகட்டிய பாலை அகலமான, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். குளிர்நீர் நிறைந்த தாம்பாளத்தில் அவற்றை நிறுத்திக் கிளறுங்கள். நீர் சூடேறியதும் மாற்றுங்கள். சூடு தணிந்ததும் மூடி, குளிர்பதனப் பெட்டியின் உட்புறத் தட்டில் வையுங்கள். கதவுப் பகுதி அடிக்கடி சூடேறும். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் பால் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். மறுநாளுக்குள் பருகி முடிக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டுமெனில் காய்ச்சி ஆறிய நீரில் வீட்டிலேயே உறையச் செய்யுங்கள். மீன் பதப்படுத்த விற்கும் கட்டியைப் பானத்தில் இடலாகாது.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பாதாமிலும் பாலிலும் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் கேடு செய்யலாம். பருகும் நீரின் அளவிலும் இப்பானம் சேரும். அவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே பருக வேண்டும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

அப்பெரியவர் இப்போதும் இரவில் பாதாம் பால் பருகுகிறார். அளவு 150 மில்லி லிட்டர், பாதாம் ஆறு, சர்க்கரை இல்லை. மாத்திரைகளில் மாற்றம் செய்யாமலேயே மூன்று மாதங்களுக்குப் பின் அவரது அளவு 7.9 ஆகக் குறைந்தது. "முதல் வாரம் மருந்துபோல் இருந்தது, இப்போது பாதாமின் ருசியே தெரிகிறது" என்றார் அவர்.