காட்பாடி ஸ்டேஷன் வைஃபையில ஃபார்ம் 16 அப்லோட் பண்ணலாமா?

ஐடிஆர் சீசன்ல வந்த ஒரு கேள்வி: "சத்துவாச்சாரியில வீடு, சென்னையில வேலை. காட்பாடி ஸ்டேஷன்ல ரயில்டெல் ஃப்ரீ வைஃபையில இருந்தபடியே ஃபார்ம் 16-ஐ கூகுள் டிரைவ்ல சிங்க் பண்ணா, பக்கத்துல இருக்கிறவன் பார்த்துடுவானா?"

வழியில பார்க்க முடியாது. இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு. 2010 அக்டோபர்ல ஃபயர்ஷீப்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வந்தது. அப்போ ஃபேஸ்புக் மாதிரி பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும்தான் என்கிரிப்ட் பண்ணாங்க. அதனால ஒரே ஓப்பன் வைஃபையில இருந்தவர் உங்க அக்கவுன்ட்டுக்குள்ள நுழைய முடிஞ்சது. இன்னைக்கு டிரைவ், பேங்க், incometax.gov.in எல்லாமே முழுக்க https://.

இதை சீல் வச்ச கூரியர் கவர்னு நினைச்சுக்கோங்க. வைஃபை நடத்துறவருக்கு மேல எழுதின விலாசம் தெரியும்: எந்தத் தளம், எத்தனை மணிக்கு, சுமாரா எவ்வளவு டேட்டா. உள்ள இருக்கிற பான் நம்பர், சம்பளம், ஃபைல் பேர் எதுவும் தெரியாது.

ஆனா அந்த சீல் ரெண்டு விஷயத்துக்கு பொறுப்பு எடுத்துக்காது.

முதல்ல, கவரை வாங்கறவர் நல்லவரான்னு அது சொல்லாது. "ரீஃபண்ட் வந்திருக்கு"ன்னு எஸ்எம்எஸ் அனுப்புற போலித் தளத்துக்கும் சர்டிஃபிகேட் இலவசமாவே கிடைக்கும். அங்க நீங்க டைப் பண்ற பாஸ்வேர்டு பத்திரமா திருடன்கிட்ட போய்ச் சேரும். அதனால லிங்க்கைத் தொடாம, முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க.

ரெண்டாவது, போய்ச் சேர்ந்த இடத்துல கவர் பிரிஞ்சிடும். கூகுள் தன்னோட சர்வர்ல மறுபடி என்கிரிப்ட் பண்ணிதான் வைக்குது. ஆனா உங்க பாஸ்வேர்டு தெரிஞ்சவருக்கு அது தானா திறக்கும். ஆடிட்டருக்கு அனுப்ப "Anyone with the link" போட்டுட்டு மறந்துட்டா, லிங்க் கிடைச்ச எல்லாருக்கும் திறக்கும். போர்ட்டல்ல இறக்கற ஏஐஎஸ் பிடிஎஃப்-க்கு இருக்கிற பூட்டு வேற மாதிரி. அது ஃபைலோடயே போகும். ஆனா அதோட சாவி சின்ன எழுத்துல பான், கூடவே பிறந்த தேதி. இந்த ரெண்டும் தெரிஞ்சவர் யாரும் திறக்கலாம். அதனால டிரைவுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க, வேலை முடிஞ்சதும் ஷேரிங்கை "Restricted"-க்கு மாத்துங்க.

வைஃபையில கவனிக்க வேண்டியது ஒரே ஒரு அடையாளம்: "Your connection is not private"னு வர்ற எச்சரிக்கை. ஓடிபி போடறதுக்கு முன்னாடி வந்தா, வைஃபையோட லாகின் பக்கம் குறுக்கே நிக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். ஓடிபி போட்டு முடிங்க. அதுக்கப்புறமும் வந்தா "Proceed" அழுத்தவே கூடாது; அழுத்தினா சீலை நீங்களே உடைக்கிறீங்க. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க. அங்கயும் அதே எச்சரிக்கைன்னா, போன்ல தேதி, நேரம் சரியான்னு பாருங்க. மொபைல் டேட்டாவுல சரியா திறந்தா, அந்த வைஃபையில ஃபைலை அனுப்பாதீங்க.