வாரக் கூலிப் பட்டியல்: ஓர் இளம் கணக்கப்பிள்ளைக்கு



வவுணதீவு மதில் வேலையின் செக்ரோலைக் கங்காணி கைபேசியில் படம் பிடித்து அனுப்ப, அதைப் பார்த்து நீர் தயாரித்த வாரக் கூலிப் பட்டியலைச் சாவகாசமாக வாசித்தேன். நாலாயிரம் ரூபாய்க்கு இரண்டு மேசன்மார், மூவாயிரம் ரூபாய்க்கு மூன்று கையாட்கள். பெருக்கலில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாலாம் வரிக் கையாளுக்கு வியாழக்கிழமை நீர் ஒரு முழு நாள் இட்டிருக்கிறீரே, அது அரை நாள். முழு நாளுக்குப் பெருக்கற்குறியும் அரை நாளுக்கு ஒற்றைச் சாய்கோடும் இடுகிற வழக்கமுள்ள அந்தக் கங்காணி அங்கே இட்டது சாய்கோடுதான். கோணலாக மடித்த தாளின் மடிப்பு அதன் குறுக்கே விழுந்து, படத்தில் அதைப் பெருக்கற்குறியாக்கிவிட்டது.

இதில்கூட எனக்குக் கோபமில்லை. குறுக்கே கூட்டினாலும் கீழ்நோக்கிக் கூட்டினாலும் இருபத்தாறரை நாள் வருகிறதென்று கண்டு, அதன் பக்கத்தில் சிவப்பு மையால் 'சரி' என்று எழுதினீரே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. இரண்டு கூட்டலுக்கும் ஆதாரம் உமது ஒரே வாசிப்பு; கண் பிழைத்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே பிழைத்து, பின் ஒன்றையொன்று மெச்சிக்கொள்ளும். அவை பரிசோதிப்பது உமது கூட்டலை மாத்திரம். வாசிப்பைப் பரிசோதிக்க வேறொருவர் கையால் வேறொரு வேளையில் எழுதிய இலக்கம் வேண்டும். அது படத்தின் அடிவரியிலேயே இருந்தது. ஒவ்வொரு நாள் மாலையும் கங்காணி தலையெண்ணி எழுதிய தொகைகள்: 5, 5, 3½, 4½, 5, 3, ஆக 26. வியாழனுக்கு அவர் நாலரை என்கிறார், நீர் ஐந்து என்கிறீர். அந்த வரியை நீர் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அழகுக்காக எழுதியதென்று நினைத்தீரோ?

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படுமுன், வாவியைப் பாதையில் ஏறிக் கடந்து படுவான்கரைக்குக் கூலிப் பணம் கொண்டுபோன காலம் எனக்கு ஞாபகம் வருகிறது. அக்கரையில் போய்ப் பிழை தெரிந்தால், திரும்பிவந்து காசு எடுத்துப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதனால், எங்கள் பெரிய கணக்கப்பிள்ளை துறையடியில் நின்று அடிவரித் தொகைகளை முதலில் வாசிக்கச் சொல்வார். அவை ஒத்துவராமல் எங்களைப் பாதையில் கால்வைக்க விடமாட்டார். வெயிலில் நின்று அவரை மனத்துக்குள் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அடிவரி காட்டிக்கொடுக்காத பிழையும் உண்டு. அதையும் நீர் விடவில்லை. நாலாம் வரியாளுக்கு இந்த வார முற்பணம் 5,000. அதற்கப்பால் ஓரத்தில் போன வாரப் பாக்கி 2,000. படத்தைச் சரித்துப் பிடித்ததால் வரிகள் வலப்பக்கம் போகப்போகக் கீழே இறங்க, அந்த இரண்டாயிரம் ஐந்தாம் வரிக்கு நேரே நிற்பதுபோலத் தோன்ற, நீர் அதை ஐந்தாம் ஆளிடம் கழித்துவிட்டீர். மொத்த முற்பணம் அப்போதும் 7,000தான். எந்தக் கூட்டலும் வாய் திறக்காது. முற்பணம் வாங்கும்போது கையொப்பமிட்ட துண்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்து ஒப்பிடுவதல்லாமல், அல்லது ஆளையே கேட்பதல்லாமல், இதற்கு உபாயம் கிடையாது.

சேமலாப நிதியையும் இடம் மாற்றிக் கழித்திருக்கிறீர். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எட்டு வீதம் உழைத்த கூலிக்குரியது. முற்பணம் போக மிஞ்சுவதற்கு உரியதன்று, முற்பணமும் அவர் உழைத்த காசே என்பதனால். ஆகையால் நாலாம் வரியாளின் மூன்றரை நாட் கூலி 10,500இல் முதலில் 840 கழியும், பின்னர் 7,000 கழியும், கையில் 2,660 சேரும். நீர் எழுதியது 6,440. ஐந்து நாள் உழைத்து 13,800 வாங்க வேண்டிய ஐந்தாம் ஆளுக்கோ 11,960. கூடுதலாக வாங்கியவர் பேசாதிருக்கலாம். குறைந்தவர் வருகிற சனிக்கிழமை மாலை எல்லார் முன்னிலையிலும் கேட்பார், நியாயமாகவே கேட்பார்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒவ்வோர் ஆளுக்கும் நாள், வீதம், கழிவு, கைக்காசு என்று தனித்தனிச் சீட்டு எழுதிப் பட்டியலுடன் இணைத்திருந்தீரே, அதைக் கண்டு நான் பிரமித்துப்போனேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். என் உத்தியோக காலம் முழுவதிலும் இத்தனை சிரத்தையுள்ள ஓர் இளைஞரை நான் கண்டதில்லை. ஐந்தாம் ஆளுக்குத் தன் குறை பிரத்தியட்சமாகத் தெரியப்போவதும் அந்தச் சீட்டினால்தான்.

பட்டியலைச் சனிக்கு முன் திருத்திவிடும். அடுத்த வாரம் தாளை மேசையில் விரித்து, மடிப்பை நீவி, நேர் மேலிருந்து நாலு மூலையும் தெரியப் படமெடுக்கக் கங்காணியிடம் சொல்லும். முற்பணத் துண்டுகளுக்கு வேறொரு படம் கேளும். மழையால் வேலை நின்ற நாளிலும் அடிவரியில் அவர் சுழியம் எழுதட்டும். வெற்றிடமாக விட்டால், வேலை இல்லையா, எழுத மறந்தாரா என்று உமக்கு எப்படித் தெரியும்?