புதிய சப்ளையரிடம் என்னென்ன கேட்டு வாங்குவது?

கடைக்குப் புதிதாக ஒரு சப்ளையர் வந்தால் நாம் முதலில் கேட்பது விலை. அடுத்து கேட்பது தவணை. சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, நிறம் பார்த்து, திருப்தியானால் ஆர்டர் எழுதிவிடுகிறோம். வந்தவர் யார், சரக்கை அரைத்தவர் யார், குறை வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதையெல்லாம் சரக்கு இறங்கிய பிறகுதான் யோசிக்கிறோம்.

சிலர் காகிதங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் வாங்கியதும் கோப்பில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு காகிதத்தைத் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே தெரியும். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து இதைப் பார்ப்போம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வந்த சரக்கும் வந்த காகிதமும்

அவர் மொத்த மளிகை வியாபாரி. ஆந்திராவிலிருந்து பாக்கெட் மிளகாய்த் தூள் தருவதாக ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். வழக்கமாக வாங்கும் இடத்தில் கிலோ 250 ரூபாய். இவர் சொன்னது 220 ரூபாய். ஆயிரம் கிலோ எடுத்தால் 2,20,000 ரூபாய், 5 சதவீத ஜி.எஸ்.டி. 11,000 ரூபாய், ஆக 2,31,000 ரூபாய். பாதிப் பணம் முன்பணம். மிச்சமாவதோ 30,000 ரூபாய். "அண்ணாச்சி, இந்த ரேட்டு இந்த வாரம் மட்டும்தான்" என்றார் பிரதிநிதி.

நம் உறுப்பினர் ஆர்டர் எழுதவில்லை. "தம்பி, காகிதமெல்லாம் கொடுத்துட்டுப் போங்க. நாளை மறுநாள் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். கைக்கு வந்தவை ஐந்து: வண்ணத்தில் அச்சிட்ட கம்பெனி விவரக் குறிப்பு, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று நகல், உணவுப் பாதுகாப்பு உரிம நகல், ஆய்வகச் சான்று, வாடிக்கையாளர்கள் பட்டியல். அன்று இரவு கடை அடைத்த பிறகு மகனை கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

விவரக் குறிப்பும் ஜி.எஸ்.டி. எண்ணும்

விவரக் குறிப்பு என்பது கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதில் 'பிரைவேட் லிமிடெட்' என்றும், 1998 முதல் சொந்த மில் என்றும் இருந்தது.

ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திராவுக்கு 37. அடுத்த பத்தும் வருமான வரி பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். தனி நபர் என்றால் அது P, கூட்டு நிறுவனம் என்றால் F, கம்பெனி என்றால் C. இந்தச் சான்றில் ஆறாவது எழுத்து P. அதாவது, பிரைவேட் லிமிடெட் என்று சொன்னது உண்மையில் ஒரு தனி நபர் வியாபாரம்.

பிறகு gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் எண்ணைப் போட்டார்கள். பதிவு நடப்பில்தான் இருந்தது. Active என்றே காட்டியது. Suspended அல்லது Cancelled என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பதிவு தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தொழிலின் தன்மை மொத்த வியாபாரம் என்று இருந்தது. உற்பத்தி என்று இல்லை. ரிட்டர்ன் தாக்கல் விவரத்தில் கடைசி இரண்டு மாதம் காணவில்லை.

இதை வைத்தே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. தகப்பனார் காலத்துத் தொழில் மகன் பெயருக்கு மாறினால் பான் மாறும். பான் மாறினால் ஜி.எஸ்.டி. எண்ணும் புதிதாகும். அது கேட்டால் தெரிந்துவிடும். ரிட்டர்ன் விஷயம் வேறு. சப்ளையர் தன் பில்லைக் கணக்கில் காட்டி வரியைக் கட்டினால்தான் நமக்கு உள்ளீட்டு வரி நிற்கும். அவர் கட்டாவிட்டால், நாம் அவரிடம் கொடுத்துவிட்ட 11,000 ரூபாயை மறுபடி நம் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

உரிமமும் பாக்கெட்டும்

உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். 1 என்று தொடங்கினால் உரிமம். 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. foscos.fssai.gov.in தளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்த முகவரியில், என்ன தொழிலுக்கு, நடப்பில் உள்ளதா என்று காட்டும்.

இங்கும் எண் உண்மையானதுதான். ஆனால் உரிமம் மொத்த வியாபாரத்துக்கு மட்டுமே. அரைப்பதற்கோ பாக்கெட் போடுவதற்கோ அல்ல. உரிமம் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி என்பதால், ஒரு கிடங்கின் உரிமத்தைக் காட்டி மில்லுக்கும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பிறகு சாம்பிள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் அச்சிட்டிருந்த உரிம எண் வேறு. அந்த எண் வேறொரு மில்லுடையது. அந்த மில்லின் பெயரை விவரக் குறிப்பில் எங்கேயும் காணோம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன் 27-வது பிரிவு இங்கேதான் நம்மைத் தொடுகிறது. தயாரித்தவரையோ நமக்குக் கொடுத்த விநியோகஸ்தரையோ அடையாளம் காட்ட முடியாத உணவுப் பொருளை விற்றால், விற்றவரே பொறுப்பு. சாம்பிள் எடுக்க வரும் அதிகாரியிடம் "ஆந்திரா பார்ட்டி கொடுத்தது" என்று மட்டும் சொன்னால் போதாது.

ஆய்வகச் சான்று

சான்றில் ஈரப்பதம், சாம்பல் அளவு எல்லாம் வரம்புக்குள் இருந்தன. மிளகாய்த் தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கும், மொத்தச் சாம்பல் 8 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது. சாம்பல் கூடினால் மண்ணும் மணலும் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் மிளகாய்த் தூளில் நாம் முக்கியமாகப் பயப்படுவது சாயத்துக்குத்தான். சூடான் சாயச் சோதனை அந்தச் சான்றில் இல்லவே இல்லை. எதைச் சோதிக்கவில்லை என்று பார்ப்பதும் சான்றைப் படிப்பதில் ஒரு பகுதி.

இன்னும் இரண்டு விஷயம். 'சாம்பிள் வாடிக்கையாளரால் கொடுக்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்படியானால் அந்த முடிவு, அவர் கொண்டுபோய்க் கொடுத்த பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும்; நமக்கு வரும் லாரிச் சரக்குக்கு அல்ல. அடுத்தது பேட்ச் எண். சான்றில் உள்ள பேட்ச்சும் சாம்பிள் பாக்கெட்டில் உள்ள பேட்ச்சும் வேறு வேறு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்றால் சான்றில் ULR என்று தொடங்கும் தனி எண் இருக்கும். சந்தேகம் வந்தால், ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணைச் சான்றிலிருந்து எடுக்காமல் அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் தளத்திலிருந்து எடுத்து, அந்தச் சான்று அவர்கள் கொடுத்ததுதானா என்று கேட்கலாம்.

யாரிடம் விசாரிப்பது?

பட்டியலில் ஐந்து கடைகள் இருந்தன. தனக்கு நல்லது சொல்கிறவரைத்தான் யாரும் பட்டியலில் போடுவார்கள். ஆகவே "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்ற வேண்டும். நம் உறுப்பினர் சேலத்துக் கடைக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேட்டார்: "கடைசியாக எந்த மாதம் சரக்கு எடுத்தீர்கள்? எத்தனை கிலோ? திருப்பி அனுப்பியது உண்டா, அதற்கு எத்தனை நாளில் கிரெடிட் நோட்டு வந்தது?"

அந்தக் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நாங்க ஒரே ஒரு தடவை ஐம்பது கிலோ எடுத்தோம். சரக்கு பரவாயில்லை. இரண்டாவது லோடுக்கு முன்பணம் கேட்டாங்க, விட்டுட்டோம்." பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலில் 'நிரந்தர வாடிக்கையாளர்' என்று இருந்த கடை அது.

பட்டியலுக்கு வெளியிலும் ஒருவரைக் கேட்க வேண்டும். அதற்கு நல்ல இடம் லாரி புக்கிங் ஆபீஸ். அந்த ஊரிலிருந்து நம் பகுதிக்கு அவர் சரக்கு வருகிறதா, யாருக்கு வருகிறது என்பது அங்கே தெரியும்.

முடிவு என்ன ஆயிற்று?

நம் உறுப்பினர் பிரதிநிதியைத் திட்டவில்லை. பார்த்ததை வரிசையாகச் சொல்லி, மில்லின் உரிம நகலும், மில் இவருக்குச் சரக்கு தருவதாக மில்லின் கடிதமும், வரப்போகும் பேட்ச்சுக்கே சாயச் சோதனையோடு சான்றும், விடுபட்ட ரிட்டர்ன்களும் வேண்டும் என்றார். பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு காகிதங்கள் வந்தன. மில்லிலிருந்து வாங்கி விற்கும் ஒரு சிறு வியாபாரி, தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளத் தானே மில் முதலாளி என்று அச்சடித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆயிரம் கிலோவுக்குப் பதில் நூறு கிலோ, முன்பணம் கிடையாது, சரக்கு இறங்கி ஏழாம் நாள், பில்லில் உள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் பணம் என்று பேசி எடுத்தார். பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பக் கேட்டபோது மறுத்துவிட்டார். அடுத்த மாதம் 14-ம் தேதி ஜி.எஸ்.டி. 2பி பட்டியலில் அந்த பில் ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது ஆர்டர் கொடுத்தார்.

இந்தக் கோப்பை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். பின்னால் சரக்கில் குறை கண்டு வழக்கு வந்தால், நியாயமான சோதனைகளைச் செய்துதான் வாங்கினேன் என்று காட்டச் சட்டத்தின் 80-வது பிரிவு இடம் தருகிறது. அதைக் காட்டக் கையில் காகிதம் வேண்டும். பில்லையும் சேர்த்து வைக்க வேண்டும். 26-வது பிரிவின்படி விநியோகஸ்தர் தரும் பில்லே பொருளின் தரத்துக்கு அவர் தரும் உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாமல் 'கச்சா'வில் எடுத்தால் அந்த உத்தரவாதம் போய்விடும்.

கேட்டு எழுத ஒரு மாதிரிக் கடிதம்

நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் லெட்டர்பேடில் இப்படி எழுதிக் கொடுத்துவிடலாம்:

"ஐயா, வணக்கம். தங்களிடம் சரக்கு கொள்முதல் செய்ய விரும்புகிறோம். எங்கள் கடையில் எல்லாப் புதிய சப்ளையர்களிடமும் பெறும் கீழ்க்கண்டவற்றைக் கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்ப வேண்டுகிறோம்.

1. உரிமையாளர் பெயர், தொழில் தொடங்கிய ஆண்டு, மில் மற்றும் கிடங்கின் முகவரி.
2. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று.
3. தங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமமும், பாக்கெட்டில் அச்சிட்டுள்ள மில்லின் உரிமமும்.
4. அனுப்பவிருக்கும் பேட்ச்சின் ஆய்வகச் சான்று.
5. ரத்து செய்த காசோலை ஒன்று.
6. கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் சரக்கு எடுத்த மூன்று கடைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

இவை கிடைத்த பின் முதல் ஆர்டர் அனுப்புகிறோம்."

'எல்லாப் புதிய சப்ளையர்களிடமும்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று யாரும் முகம் சுளிக்காமல் இருக்க அந்த ஒரு வார்த்தை போதும். ஆறாவது வரியில் 'இரண்டு முறைக்கு மேல்' என்பதையும் அப்படியே எழுதுங்கள். ஒரே தடவை எடுத்துவிட்டு நின்றுபோன கடைகள் அந்த வரியிலேயே கழிந்துவிடும்.