ஒரே வேலை, ஆறு பட்டை

எபிசோட்ல பேசின ஃபீச்சர் இம்பார்ட்டன்ஸ் பார் சார்ட்டை, விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய் டேட்டாவில் போட்டுப் பார்த்தேன். 569 கட்டிகள், 30 ஃபீச்சர்கள். செல் உட்கருவின் ஆரம், சுற்றளவு, பரப்பளவு மூணும் சராசரியாகவும் உச்சமாகவும் இருக்கு. வட்டத்துக்கு ஆரம் தெரிஞ்சா மத்த ரெண்டும் தெரிஞ்ச மாதிரிதானே! ஆக, ஆறும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே விஷயம்: உட்கரு எவ்வளவு பெரிசு.

ரேண்டம் ஃபாரஸ்ட் ஒவ்வொரு பிரிப்பிலும் குலுக்கிப் போட்ட 5 ஃபீச்சர்களை மட்டுமே பார்க்கிறது. ஒரு தடவை ஆரம் கையில் வரும், அடுத்த தடவை பரப்பளவு. வந்தது பெயரைத் தட்டிக்கொண்டு போகும். ஆறு பட்டைக்கும் பங்கு போய், ஒவ்வொன்றும் குட்டையாகிறது.

ஒரு ஃபீச்சரின் மதிப்புகளை மட்டும் கலைத்துப் பார்த்தாலும் மற்ற ஐந்தும் ஈடுகட்டும். துல்லியம் பெரிசா குறையாது. குட்டையா இருக்கேன்னு ஆறையும் தூக்கிடாதீங்க. ஒன்றை வைத்துவிட்டு ஐந்தை எடுங்க, மறுபடி டிரெயின் பண்ணுங்க. மிஞ்சின பட்டை சட்டென நீண்டால், அது இதுவரை பங்கு போட்டுக்கொண்டிருந்தது.