பேரவையில் தீர்மானம் கொண்டுவருவது எப்படி?
ஒரு கூட்டுறவுப் பண்டக சங்கத்தை முன்வைத்து ஒரு பாடம்

நம்மில் பலர் ஏதாவதொரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை பேரவைக் கூட்ட அறிவிப்பு வருகிறது. போகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், வரவு செலவு வாசிப்பதைக் கேட்கிறோம், காப்பி குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறோம். மனத்தில் இருந்த குறையை வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்கிறோமே தவிர, அதைத் தீர்மானமாக எழுதி உள்ளே கொண்டுபோவதில்லை. அதைச் செய்யும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இங்கே பார்ப்போம்.

பிரச்சினை என்ன?

மளிகைக் கடைக்காரர்கள் 120 பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கொள்முதல் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி, உறுப்பினர்களுக்கு 15 நாள் கடனில் கொடுக்கிறது. சங்கத்தின் கையிருப்பு முதல் ரூ.12 லட்சம். 15 நாளில் பணம் திரும்பினால், இந்த முதல் மாதத்திற்கு இரண்டு முறை சுழலும். அதாவது ரூ.24 லட்சத்திற்கு ரொக்கக் கொள்முதல் செய்யலாம்.

ஆனால் 14 உறுப்பினர்களிடம் ரூ.4 லட்சம் ஒரு மாதத்திற்கும் மேலாக நிற்கிறது. மீதி ரூ.8 லட்சம்தான் சுழல்கிறது. ஆகவே ரொக்கக் கொள்முதல் ரூ.16 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. மீதி ரூ.8 லட்சம் சரக்கைச் சங்கமே மண்டியில் கடனுக்கு எடுக்கிறது. ரொக்கத்திற்கு எடுத்தால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கழிவு உண்டு. கடனுக்கு எடுத்தால் அது இல்லை. மாதம் ரூ.12,000 போகிறது. 120 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு மாதம் ரூ.100. ஒழுங்காகக் கட்டுகிறவரும் இதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சரக்கின் விலைக்குள் அது ஒளிந்திருப்பதால் கண்ணில் படவில்லை.

முதலில் துணைவிதியைப் புரட்டுங்கள்

கடன் நாள் 15 என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சங்கத்தின் துணைவிதியிலேயே இருந்தால், நாம் கேட்பது துணைவிதித் திருத்தம் ஆகிவிடும். அதற்குத் தனி அறிவிப்பு வேண்டும். பேரவை ஏற்றுக்கொண்டாலும், பதிவாளர் பதிவு செய்த பிறகே செல்லும். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் வந்த நடைமுறையாக இருந்தால் வழி எளிது. பேரவை தன் முடிவைச் சொல்லி, அதை நிறைவேற்றும்படி குழுவைக் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி சங்கத்தின் இறுதி அதிகாரம் பேரவையிடம் இருக்கிறது. ஆனால் நிர்வாகக் குழுவுக்கென்று சட்டமும் துணைவிதியும் கொடுத்த அதிகாரத்தை அது பறித்துவிடாது. ஆகவே "இன்னாருக்குச் சரக்கை நிறுத்து" என்று பேரவையில் ஆளைக் குறித்துத் தீர்மானம் போடுவது முறையல்ல. பொதுவான நடைமுறையைத்தான் கேட்க வேண்டும்.

தீர்மானத்தை எழுதுவது

"நிலுவையை வசூலிக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் கூட்டம் கைதட்டி ஏகமனதாக நிறைவேற்றும். மறுநாள் ஒன்றும் நடக்காது. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"கடனுக்குச் சரக்கு எடுத்த உறுப்பினர் எவரும் பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால், அந்த நிலுவை தீரும் வரை அவருக்கு ரொக்கத்திற்கு மட்டுமே சரக்கு வழங்குவதென்றும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இதை நடைமுறைப்படுத்த நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்வதென்றும் இப்பேரவை தீர்மானிக்கிறது."

கடன் நாள் 15 என்றாலும், தீர்மானம் 30 நாள் கொடுக்கிறது. சரக்கையே மறுக்கவில்லை, கடனை மட்டும் நிறுத்துகிறது. இந்த இரண்டையும் சொல்லிக்காட்ட நமக்கு வசதியாக இருக்கும்.

எழுதியதைக் கூட்டத்தன்று சட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. துணைவிதி சொல்லும் கெடுவுக்குள் செயலாளரிடம் இரண்டு பிரதிகள் கொடுத்து, ஒன்றில் தேதியுடன் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்பிலேயே பொருளாக அச்சாகிவிட்டால், பின்னர் "எங்களுக்குத் தெரியாமல் நிறைவேற்றினார்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்பதில் நுழைத்த தீர்மானத்திற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வழிமொழிய யாரை அழைப்பது? பெரிய கடைக்காரர் முன்மொழிந்து இன்னொரு பெரிய கடைக்காரர் வழிமொழிந்தால், சிறிய கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். பெட்டிக்கடை அளவில் வியாபாரம் செய்து, தவறாமல் கட்டிவரும் ஒருவரைக் கேளுங்கள். பங்கு எத்தனை இருந்தாலும் பேரவையில் ஓர் ஆளுக்கு ஒரு வாக்குத்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று நிமிடப் பேச்சு

தலைவர் பொருளை அழைத்ததும் எழுந்து, முதலில் தீர்மானத்தை வாசிக்க வேண்டும். பலர் நீண்ட பேச்சுக்குப் பிறகுதான் வாசிக்கிறார்கள். அதற்குள் கூட்டம் எதைக் கேட்கிறார் என்று குழம்பிவிடும். பிறகு கணக்கு மட்டும் சொன்னால் போதும்: "14 பேரிடம் 4 லட்சம். அதனால் மாதம் 12,000 ரூபாய் கழிவு போகிறது. நம் ஒவ்வொருவருக்கும் மாதம் நூறு ரூபாய்." பெயர் எதையும் சொல்லக் கூடாது. ஒருவர் பெயரைச் சொன்னால், அதன்பிறகு பேச்சு அவருடைய மானத்தைப் பற்றியதாகிவிடும், தீர்மானம் அப்படியே கிடக்கும்.

ஒரு மரியாதையான மறுப்பு

சத்தம் போடுகிறவருக்குப் பதில் சொல்வது எளிது. கூட்டமே பார்த்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் எழுந்து மெதுவாகச் சொல்லும் மறுப்புக்குத்தான் தயாராக இருக்க வேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார்:

"தலைவர் அவர்களே, தம்பி நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் ஒன்று. சின்னக் கடைக்காரர் வேண்டுமென்றா நிலுவை வைக்கிறார்? அவர் பற்று எழுதிக் கொடுத்த ஜனங்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனால், இவருக்குப் பணம் தள்ளிப்போகிறது. அந்த நேரத்தில் நாமும் கடனை நிறுத்தினால் கடையில் சரக்கு இருக்காது. வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். சங்கம் வைத்தது அவரைக் காப்பாற்றத்தானே?"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். இந்த இடத்தில் இரண்டு தவறுகள் நடப்பது வழக்கம். "அப்படியானால் எல்லோரும் கட்டாமல் இருக்கலாமா?" என்று கேட்பது ஒன்று. அது பெரியவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது. அதே 12,000 கணக்கைக் குரலை உயர்த்தித் திரும்பச் சொல்வது மற்றொன்று. அவர் அந்தக் கணக்கை மறுக்கவே இல்லை.

அவர் கேட்பது, சுமை யார் தலையில் விழும் என்பதை. அதற்குரிய கணக்கை நாம் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். கூட்டத்திற்கு முன் செயலாளரிடம் எழுதிக் கேட்டு, நிலுவையைத் தொகை வாரியாக, பெயர் இல்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 14 பேரில் 9 பேரின் நிலுவை தலைக்கு ரூ.10,000-க்குள். மொத்தம் ரூ.60,000. மீதி 5 பேரிடம் ரூ.3,40,000.

இதைக் கையில் வைத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்தே பதில் சொல்கிறோம்:

"தலைவர் அவர்களே, அண்ணாச்சி சொன்னது நடப்பதுதான். சம்பளம் தள்ளிப்போனால் என் கடையிலும் பற்று நிற்கிறது. ஆனால் நிலுவையைப் பிரித்துப் பார்த்தேன். பத்தாயிரத்துக்குள் வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். எல்லாம் சேர்த்து அறுபதாயிரம்தான். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஐந்து இடத்தில் நிற்கிறது. அண்ணாச்சி கவலைப்படும் ஒன்பது பேருக்கு வழி விட்டாலும் தீர்மானத்தின் நோக்கம் கெடாது. அவரே திருத்தம் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன்."

எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் வீட்டிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ரூ.60,000 அப்படியே நின்றாலும், ரூ.3,40,000 திரும்பினால் மாதம் ரூ.6,80,000 ரொக்கக் கொள்முதல் கூடும். ரூ.12,000 கழிவில் ரூ.10,200 மீண்டுவிடும். ஒன்பது கடைகளைக் காப்பாற்ற மாதம் ரூ.1,800 என்றால் அது கொடுக்கக்கூடிய விலைதான். வரம்பை ரூ.50,000 ஆக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து பேரில் சிலரும் அந்த ஓட்டை வழியே போய்விடலாம்.

திருத்தம், வாக்கெடுப்பு, பதிவு

பெரியவர் சொல்லும் திருத்தத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும்: "ஆனால் ரூ.10,000-க்கு மேற்படாத நிலுவை உள்ள உறுப்பினர், அதை நான்கு வாரத் தவணைகளில் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, தவணை தவறாமல் கட்டிவரும் வரை, அவருடைய கடன் வரம்புக்குள் சரக்கு நிறுத்தப்பட மாட்டாது."

தலைவர் முதலில் திருத்தத்தை வாக்குக்கு விடுவார். அது நிறைவேறியதும், திருத்திய தீர்மானத்தை முழுவதும் வாசித்து மறுபடி வாக்குக்கு விட வேண்டும். இந்த இரண்டாவது வாக்கெடுப்பைப் பல கூட்டங்களில் மறந்துவிடுகிறார்கள். திருத்தம் மட்டும் நிறைவேறி மூலத் தீர்மானம் நிறைவேறாத நிலை வந்துவிடும். கை தூக்கியவர்களை எண்ணி, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கோரத்திற்கு வேண்டிய ஆட்கள் உள்ளே இருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தி தொடங்கிய பிறகு எடுத்த தீர்மானம் இந்த ஒரு காரணத்தாலேயே அடிபட்டுப் போகக்கூடும்.

கூட்டம் கலைவதற்கு முன், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வாசகத்தை நம் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "30 நாட்களுக்குள்" என்பது "குறித்த காலத்திற்குள்" என்று மாறியிருந்தால், அங்கேயே தலைவரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்து, நிலுவைப் பட்டியலை மறுபடி எழுதிக் கேளுங்கள். ஐந்து பேரின் தொகை இறங்கியிருக்கிறதா, ஒன்பது பேரின் தவணை வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். இறங்கவில்லை என்றால், அந்தப் பட்டியலை வைத்து அடுத்த பேரவைக்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கலாம்.