பார்... சொல்!

துவாரகாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் பள்ளிகளில் டெங்கு பற்றிப் பேச ஆள் தேடுவார்கள். எங்கள் சொசைட்டியின் கொசு ஒழிப்புக் குழுவில் நான் இருப்பதால், அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் காலை அசெம்பிளிக்கு என்னையும் கூப்பிடுவதுண்டு. பிரார்த்தனை, உறுதிமொழி, செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்து, தேசிய கீதத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கிடைக்கும். முன்வரிசையில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பேச்சு இந்தியில்தான் நடக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் டெங்கு பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் பெருகும், பகலில் கடிக்கும். முட்டையைப் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, சுவரைத் தேய்த்து, காயவைக்க வேண்டும். 2019 செப்டம்பரில் டெல்லி அரசு பத்து வாரம், ஞாயிறு காலை பத்து மணி, பத்து நிமிடம் என்று ஓர் இயக்கமே நடத்தியது இந்தக் கணக்கில்தான். டெல்லியில் கொசு பெருகும் முக்கிய இடங்களில் ஒன்று கூலர் தொட்டி.

இதில் ஆறு வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? கொட்டு, தேய், காயவை என்று மூன்று வினைச்சொல்லும் தாளத்தோடு வரும், கையசைவுக்கும் ஏற்றவை. ஆனால் அசெம்பிளியில் உற்சாகமாகக் கற்ற அசைவைப் பிள்ளை வீட்டில் அப்படியே செய்து பார்க்கும். கூலர் என்பது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த பெட்டி. பிளக்கைப் பிடுங்காமல் கை விட்டால் ஷாக் அடிக்கலாம். அதனால் அந்த மூன்றும் பெரியவர்கள் வேலை. பிள்ளைக்கு இரண்டே வேலை: பார், சொல். உள்ளங்கையைப் புருவத்தின் மேல் வைத்தால் ‘பார்’. இரண்டு கையையும் வாயருகே குவித்தால் ‘சொல்’. இடையில் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதையும் தொடக் கூடாது என்பதை அந்தக் கையே சொல்லிவிடுகிறது. ‘தொடாதே’ என்று சொன்னால் ‘தொடு’ மட்டும் காதில் நிற்கிற வயது அது.

ஐந்து நிமிடப் பேச்சின் நடுப்பகுதி கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

“கொசு எங்கே முட்டை போடும்?”

“தண்ணீரில்!”

“வாளியில் தண்ணீர் இருக்குமா?”

“இருக்கும்!”

“பூந்தொட்டித் தட்டில்?”

“இருக்கும்!”

“தலையணையில்?”

“இல்ல்ல்லை!”

அந்தத் தலையணை முக்கியம். ‘இருக்கும்’ என்று இரண்டு முறை சொன்ன பிள்ளைகள் மூன்றாவதற்கும் யோசிக்காமல் ‘இருக்கும்’ என்றால், வாய் மட்டும்தான் நம்மோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேலே போகாமல் இன்னும் இரண்டு கேள்வி இதே மாதிரி கேட்பேன். சிரிப்பு வந்த பிறகு தொடர்வேன்:

“ஞாயிற்றுக்கிழமை நாம் போலீஸ். கை பின்னால். வாளியைப் பார். தொட்டியைப் பார். தண்ணீர் இருக்கா? பெரியவங்ககிட்ட சொல்.”

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல்தான். ‘தண்ணீர் தேங்கியிருந்தால் உடனே சொல்ல வேண்டும்’ என்று ‘ஆல்’ போட்டு நீட்டினால், வாக்கியத்தின் வால் வருவதற்குள் பின்வரிசை பக்கத்துப் பையனின் ஐடி கார்டைத் திருக ஆரம்பித்துவிடும். சின்ன வாக்கியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாலு மாடிக் கட்டடங்கள் சூழ்ந்த முற்றத்தில் ஸ்பீக்கர் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும். தொடர்ந்து பேசினால் நம் சொல்லை நம் எதிரொலியே அடித்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அது அடங்கும்வரை நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை அந்த நீளமான, ராகம் போட்ட ‘குட் மார்னிங் மேஏஏம்’ முடிகிற விதத்திலேயே அளந்துகொள்ளலாம்.

“புரிந்ததா?” என்று நான் கேட்பதே இல்லை. எந்தப் பள்ளியிலும் அதற்குப் பதில் “யெஸ் மேம்”தான். “ஏன்?” என்ற கேள்வியும் கூட்டத்துக்கு ஆகாது, நூறு பதில் ஒரே நேரத்தில் வரும், ஒன்றும் காதில் விழாது. “யார் வீட்டில்...” என்று தொடங்கினால் இருக்கிறவன், இல்லாதவன் எல்லோருமே கை தூக்குவார்கள். கை தூக்குவது அவ்வளவு ஜாலி.

அதைவிட முக்கியம், “யார் வீட்டில் கூலர், யார் வீட்டில் ஏசி?” என்று கேட்காமலிருப்பது. துவாரகா பள்ளி ஒன்றில் சொசைட்டி ஃபிளாட்டிலிருந்து வரும் பிள்ளையும், கக்ரோலா, பக்டோலா போன்ற பழைய கிராமப் பகுதிகளில் வாடகை அறையிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. அந்தக் கேள்வி, கை தூக்க வைத்தே பிள்ளைகளைப் பணத்தால் பிரித்துக் காட்டிவிடும். வாளி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பறவைக்கு வைக்கிற தண்ணீர்க் கிண்ணமும் பல வீட்டில் உண்டு. அவை போதும்.

அசைவுகளில் சிலவற்றைத் தவிர்க்கிறேன். கொசு அடிப்பதுபோலக் கைதட்டச் சொன்னால் தட்டல் நிற்காது. முன்னால் நிற்பவன் காதில் போய்த் தட்டும் வீரர்களும் உண்டு. குதிப்பதும் சுற்றுவதும் நெருக்கமான வரிசையில் தள்ளுமுள்ளாகும். கொசுப்புழு நெளிவதை ஒரு விரலால் காட்டச் சொல்லலாம். ஆனால் அதன் முடிவையும் கூடவே கற்றுத்தர வேண்டும்: “புழு தூங்கியது. கை பின்னால்.” முடிவு இல்லாத அசைவைத் தொடங்காதீர்கள்.

பேசும் இடம் பற்றி ஒன்றிரண்டு. மேடை மேசைக்குப் பின்னால் நின்றால் கை தெரியாது. முன்னால் வந்துவிட வேண்டும். வெயில் நம் முகத்தில் அடிக்கட்டும். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கினால் அசைவு தெரியாது. கையில் மைக் என்றால் ஒரு கைதான் மிச்சம். அதனால் வகுப்பு ஆசிரியை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவரை அசைவு செய்யச் சொல்வேன். பிள்ளைகள் கண்ணாடி பார்ப்பதுபோலத்தான் செய்வார்கள்; அவர்களின் வலது கை உயர வேண்டுமானால் அவர் இடது கையைத் தூக்க வேண்டும்.

பிறகு விமானம். விமானங்கள் துவாரகாவின் தலைக்கு மேலே தாழப் பறக்கும். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்துவது வீண். “விரலை நீட்டு. விமானத்தைக் காட்டு” என்பேன். முற்றம் முழுக்க விரல்கள் ஒரே திசையில் நகரும். சத்தம் தேய்ந்ததும் “கை பின்னால்.” எப்படியும் இழக்கப்போகிற நொடிகள்தான் அவை, ஆனால் அதற்குப் பின் கிடைக்கிற அமைதி அசெம்பிளியில் வேறெப்போதும் கிடைக்காது. முக்கியமான வாக்கியத்தை நான் அங்கேதான் வைக்கிறேன்.

இந்த முறை எல்லாம் முற்றத்தில், நேரில் மட்டும். டெங்கு நவம்பரிலும் இருக்கும். அதற்குள் புகைமூட்டம் வந்து வெளி அசெம்பிளி நின்றுபோகும். அப்போது வகுப்பறை ஸ்பீக்கரில் பேசச் சொல்வார்கள். நம் கையைப் பிள்ளைகள் பார்க்க முடியாது, அவர்கள் முகத்தை நாமும் பார்க்க முடியாது. அதனால் முந்தின நாளே ஐந்து வரி எழுதி வகுப்பு ஆசிரியைகளிடம் கொடுத்துவிடுகிறேன். கேள்வியை நான் ஸ்பீக்கரில் கேட்க, அசைவை அவர்கள் வகுப்பில் செய்து காட்டுகிறார்கள். திங்கட்கிழமை “ஞாயிற்றுக்கிழமை எதைப் பார்த்தாய், யாரிடம் சொன்னாய்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதும் அவர்கள்தான். சில வகுப்புகளில் முற்றத்தைவிட இதுவே நன்றாக நடக்கிறது.