மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே குப்பைக்கு வழி கேள்

மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டாய் என்று அம்மா சொன்னாள் கண்ணு. வாடகை, ஏசி, பார்க்கிங் எல்லாம் நீயே கேட்டுவிடுவாய். கூடவே இன்னொன்றையும் கேள்: சாப்பிட்ட இலை எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள், அதற்குத் தனிக் காசா? பதில் சொல்லத் தயங்கும் மண்டபத்தில், மறுநாள் காலை பின்வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கல்யாணத்தில் சேரும் குப்பையில் பெரும்பகுதி மண்டபத்துக்காரர், சமையல்காரர், அலங்காரக்காரர் மூவரிடமும் நீ பேசி முடிக்கும் நாளிலேயே முடிவாகிவிடும். அன்றைக்குப் பந்தியில் நின்று மாற்ற முடியாது.

முதலில் இலை. வாழை இலை மண்ணுக்கும் மாட்டுக்கும் நல்லதுதான், ஆனால் அதோடு வேறெதுவும் சேராமல் இருந்தால் மட்டும். நம் ஆட்கள் சாப்பிட்டதும் பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் கப், டிஷ்யூ, பீடாவில் குத்திய குச்சி எல்லாவற்றையும் இலைக்குள் வைத்து மடித்துவிடுவார்கள். அந்த இலையை மாட்டுக்குப் போட்டால் குச்சி தொண்டையில் குத்தும், பிளாஸ்டிக் வயிற்றில் தங்கும். அதனால் மாட்டுக்காரர் மொத்தத்தையும் வேண்டாம் என்பார், உரக்குழிக்கும் ஆகாது. பிரித்துப் போடச் சொல்லி போர்டு வைத்துப் பலனில்லை. அவை இலைக்குப் பக்கத்திலேயே வராதபடி செய்துவிடு. பாயசம் இலையிலோ எவர்சில்வர் கிண்ணத்திலோ போகட்டும். ஐஸ்கிரீமும் பீடாவும் கை கழுவும் இடத்தைத் தாண்டி, பக்கத்திலேயே ஒரு தொட்டியோடு இருக்கட்டும். தண்ணீருக்கு டம்ளரும் ஜக்கும் வை. 600 பேர் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தாலும் 240 லிட்டர்தான், அதாவது 20 லிட்டர் கேன் 12. டம்ளர் கழுவ இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலியைப் பாட்டில் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

மேஜையில் விரிக்கும் பேப்பர் ரோலை ஒருமுறை கிழித்துப் பார். கிழிந்த ஓரத்தில் மெல்லிய ஜவ்வு இழுபட்டால் அது பிளாஸ்டிக் பூசியது. உணவு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தாம்பூலப் பைக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பையும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. வாங்கும் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டு. பருத்தி எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கட்டியாகும்.

இனி சோறு. சமையல்காரரிடம் இலைக் கணக்கு பேசும்போது ‘குறைந்தபட்சம் இத்தனை இலை’ என்று ஒரு எண் சொல்வார். அழைத்த எண்ணிக்கையை அங்கே கொடுத்துவிடாதே. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு நெருங்கிய சொந்தங்களிடம் ஊர்வாரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக் கடைசி எண்ணைச் சொல்கிறேன் என்று பேசிக்கொள்.

மதியம் 600 இலை என்று வைத்துக்கொள். கிலோவுக்குப் பத்துப் பேர் என்றால் 60 கிலோ அரிசி. அத்தனையும் ஒரே நேரத்தில் வடித்துவிட வேண்டாம். 40 கிலோவை வடித்துவிட்டு, 20 கிலோவைக் களையாமல் மூட்டையிலேயே வைத்திருக்கச் சொல். உலைத் தண்ணீர் மட்டும் தயாராகக் கொதித்துக்கொண்டு இருக்கட்டும். முதல் பந்தி எழுந்ததும் எத்தனை இலை விழுந்தது, வாசலில் எவ்வளவு கூட்டம் என்று பார்த்துத்தான் அடுத்த உலை. வடிக்காத அரிசி வீட்டுக்குத் திரும்பும், வடித்த சோறு திரும்பாது. இப்படிச் செய்வது சமையல்காரருக்குக் கூடுதல் வேலை. மறுத்தால் வற்புறுத்தாமல், ஒத்துக்கொள்ளும் ஆளாகப் பார். நறுக்கிவிட்ட காய்க்கு இந்த வழி இல்லை என்பதால் கூட்டு, பொரியல் வகைகளில் இரண்டைக் குறைத்துவிடு.

மிஞ்சினால் கொடுப்பதற்கும் இப்போதே ஆள் பார். கோயம்புத்தூரில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ மாதிரி, மிஞ்சிய உணவை எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு வருவார்களா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், பாத்திரம் யாருடையது என்று விசாரித்து எழுதி வை. பரிமாறும் வாளியில் திரும்பியதைக் கொடுக்காதே, அண்டாவில் கரண்டி மட்டும் பட்டதைக் கொடு. தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி, தயிர் சாதம் எல்லாம் வெயிலில் சீக்கிரம் கெடும். அவற்றைப் பந்தியிலேயே தீர்த்துவிடு. கடைசிப் பந்தி முடியும்வரை காத்திராமல், பாதிப் பந்தியில் மிச்சம் தெரியும்போதே போன் போகட்டும். கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்கு அன்று ஆயிரம் வேலை இருக்கும் என்பதால், அந்த நம்பரைப் பந்தி பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் கொடுத்துவிடு.

அலங்காரக்காரரிடம் இரண்டே வரி எழுதி வாங்கு: தெர்மகோல் கிடையாது, பூச்செருகும் பச்சை ஸ்பாஞ்சும் கிடையாது. அந்த ஸ்பாஞ்ச் மண்ணில் மட்காது, தூளாகிப் பரவும். கம்பியில் கோத்த பூவாக இருந்தால், கழற்றும்போது கம்பியை உருவித் தானே எடுத்துப்போக வேண்டும் என்றும் சேர்த்துக்கொள். நூலில் கட்டிய பூ என்றால் இலையோடேயே உரத்துக்குப் போய்விடும்.